‘இதைப் படிச்சுப் பாரு’ என்று வரும் பழைய பத்திரிகைத் துணுக்கை எப்படிப் படிப்பது?

குடும்ப வாட்ஸப் குழுவில் திடீரென்று ஒரு படம் வரும். பழுப்பேறிய பத்திரிகைத் துண்டு, நடுவில் மடிப்பு, ஓரத்தில் பசைக் கறை. கீழே ஒரே வரி: ‘இதைப் படிச்சுப் பாரு.’ பெரிதாக்கிப் பார்த்தால் எழுத்துகள் பஞ்சாய்ப் பிரிகின்றன. பத்திகளில் எது முதல், எது அடுத்தது என்பதும் தெரியாது. பெரும்பாலானவர்கள் தலைப்பை மட்டும் படித்துவிட்டு ஒரு கும்பிடு போட்டு நகர்ந்துவிடுவார்கள்.

ஆனால் முக்கால்வாசித் துணுக்குகளைப் படித்துவிடலாம். அதற்கு வரிசை முக்கியம்: முதலில் படம், அடுத்து பத்தி, அப்புறம்தான் எழுத்து. நேரே எழுத்தில் இறங்கினால் ஊகம் செய்யத் தொடங்கிவிடுவோம். ஒருமுறை ஊகித்த சொல் பிறகு கண்ணை விட்டுப் போகாது.

விளக்கத்துக்காக ஒரு துணுக்கை நானே எழுதி வைத்துக்கொள்கிறேன். 1964 டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டி தனுஷ்கோடியை அழித்த புயல் பற்றிய செய்தி. எந்தப் பத்திரிகையிலிருந்தும் எடுத்ததல்ல. அந்தக் கால நடையில் அமைத்தது, அவ்வளவுதான். ஆல்பத்தில் யாரோ மூன்று கீற்றுகளாக வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். இடப்பக்கக் கீற்று இது:

ராமேசுவரம், டிச. 2… —
தனுஷ்கோடியில் நேற்று முன்
தினம் இரவு வீசிய பு…ல்
பெருஞ் சேதத்தை உண்டு
பண்ணியது. பாம்பனிலிருந்து
சென்ற பாசஞ்சர் ரயிலைப்

நடுவில் உள்ள கீற்று ‘கரையோரம் ஒதுங்கிய படகுகளை’ என்று தொடங்குகிறது. வலப்பக்கக் கீற்று இப்படி:

பற்றி இதுவரை தகவல் இல்…
தந்திக் கம்பிகள் அறுந்து விட்ட
படியால் விவரம் அறிய முடிய
வில்லை என்று அதிகாரி ஒருவர்
கூறி…ர். ரயிலில் சிக்கிய …5
பேர் இன்று காலை வரை மீட்கப்ப…

நல்ல படத்தைக் கேட்டு வாங்குங்கள்

வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டுத்தான் வரும். சுருக்கும்போது முதலில் அடிபடுவது தமிழில் புள்ளிதான். திரையில் ஓர் எழுத்தின் உயரம் இருபது பிக்சலுக்கும் குறைவாக இருந்தால், அதன் தலையில் உள்ள புள்ளிக்கு ஒன்றிரண்டு பிக்சல்தான் கிடைக்கும். ஜேபெக் சுருக்கத்தில் அது கரைந்துபோகும். போதாததற்கு, எழுத்தைச் சுற்றி இல்லாத புள்ளிகளும் முளைக்கும். ‘க’ எது, ‘க்’ எது என்று தெரியாத படத்தோடு மல்லுக்கட்டுவதில் பயனில்லை.

எனவே அனுப்பியவரிடம் கேளுங்கள்: “பெரியப்பா, அதே படத்தை Document-னு போட்டு அனுப்புங்க.” அப்படி அனுப்பினால் கோப்பு சுருங்காமல் வரும். மூலத் துண்டு அவர் கையிலேயே இருந்தால் இன்னும் மூன்று உதவி கேட்கலாம். ஃபிளாஷ் போடாமல், சன்னல் வெளிச்சத்தில், ஒவ்வொரு பத்தியையும் தனித்தனியாக நேர் மேலிருந்து படம் எடுக்கச் சொல்லுங்கள். துண்டு ஆல்பத்தில் ஒட்டப்படாமல் தனியாக இருந்தால், அடியில் ஒரு கறுப்புத் தாளை வைக்கச் சொல்லுங்கள். பத்திரிகைத் தாள் மெல்லியது. பின்பக்க அச்சு முன்பக்கம் தெரிவதால்தான் பாதிக் குழப்பம். அடியில் வெள்ளைத் தாள் இருந்தால் அது ஒளியைத் திருப்பியனுப்பிப் பின்பக்க எழுத்தை எடுத்துக்காட்டும். கறுப்புத் தாள் அந்த ஒளியை விழுங்கிவிடும். மூன்றாவது, பின்பக்கத்தையும் படம் எடுக்கச் சொல்லுங்கள். அது எதற்கு என்று கடைசியில் சொல்கிறேன்.

ஸ்கேனர் இருந்தால் 400 அல்லது 600 டிபிஐயில், வண்ணத்தில் ஸ்கேன் செய்ய வேண்டும். கறுப்பு வெள்ளைதானே என்று நினைத்து அந்த முறையைத் தேர்ந்தெடுத்துவிட்டால், மங்கல் எழுத்தில் பாதியை ஸ்கேனரே வெள்ளை என்று முடிவுகட்டி அழித்துவிடும். அதைப் பிறகு மீட்க வழியே இல்லை.

மை மங்கவில்லை, தாள்தான் கறுத்திருக்கிறது

பழைய பத்திரிகையில் எழுத்து மங்கிவிட்டது என்கிறோம். உண்மையில் அச்சு மையில் இருப்பது கரி. அது லேசில் வெளுக்காது. தாள்தான் மாறுகிறது. மலிவான பத்திரிகைத் தாளை மரத்தை அரைத்துச் செய்கிறார்கள். மரத்தில் உள்ள லிக்னின் வெளிச்சமும் காற்றும் பட்டுப் பழுப்பாகிறது. ஆக, எழுத்து அப்படியே இருக்க, பின்னணி கறுத்து அதை நெருங்கி வந்துவிட்டது. அப்படியானால் செய்ய வேண்டியது எழுத்தைக் கறுப்பாக்குவது அல்ல, தாளை வெளுப்பாக்குவது.

இதற்கு எளிய வழி, வண்ணப் படத்தை உருவாக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று தடங்களில் சிவப்பை மட்டும் எடுத்துக்கொள்வது. பழுப்பும் மஞ்சளும் சிவப்பு ஒளியை நன்றாகத் திருப்பி அனுப்புவதால், அந்தத் தடத்தில் தாளும் பசைக் கறையும் ஏறத்தாழ வெள்ளையாகத் தெரியும். கரி மட்டும் கறுப்பாகவே நிற்கும். நீலத் தடத்தில் இதற்கு நேர்மாறு. கறை இன்னும் அடர்ந்து எழுத்தை விழுங்கும். வண்ணத்தில் ஸ்கேன் செய்யச் சொன்னது இதற்காகத்தான். தாத்தா யாராவது சிவப்பு மையில் அடிக்கோடு போட்டிருந்தால் அதுவும் சிவப்புத் தடத்தில் மறையும். நீல மை அடிக்கோடு மறையாது.

கைபேசியில் ஸ்னாப்சீட் செயலியின் `Black & White` கருவியில் சிவப்பு வடிகட்டியைத் தேர்ந்தெடுத்தால் இதே பலன். கணினியில் கிம்ப் இருந்தால் `Colors > Components > Decompose` போய் RGB கொடுத்து, வரும் மூன்று அடுக்குகளில் சிவப்பை வைத்துக்கொள்ளலாம். கட்டளை அடித்துப் பழகியவர்கள் இமேஜ்மேஜிக்கில் ஒரே வரியில் முடிக்கலாம்:

```
magick thunukku.jpg -channel R -separate +channel -deskew 40% -resize 200% -level 20%,80% padikka.png
```

சிவப்புத் தடத்தைப் பிரித்து, சாய்வை நிமிர்த்தி, இருமடங்காக்கி, வெளுப்பையும் கறுப்பையும் விரித்துக் கொடுக்கும். கடைசியில் உள்ள இரண்டு எண்களை மாற்றி மாற்றிப் பாருங்கள். இரண்டாவது எண்ணைக் குறைத்தால் தாள் வெளுக்கும். ரொம்பக் குறைத்தால் புள்ளிகள் உதிர ஆரம்பிக்கும். தெளிவாகத் தெரியும் ஒரு சொல்லைக் காவலுக்கு வைத்துக்கொள்வது நல்லது. நம் துணுக்கில் ‘அறுந்து’ என்பதில் ‘ந்’ புள்ளியோடு தெரிகிறதா? அந்தப் புள்ளி காணாமல் போகும் இடத்துக்கு ஒரு படி முன்னால் நின்றுவிடுங்கள்.

‘கறுப்பு வெள்ளையாக்கு’ என்று ஒரே அழுத்தில் செய்யும் கருவிகளை நான் தொடுவதில்லை. ஆங்கில எழுத்தில் ஒரு புள்ளி போனால் பெரிய நட்டமில்லை. தமிழில் புள்ளி போனால் சொல்லே போயிற்று.

பத்திகளை இணைப்பது

இப்போதும் எழுத்துக்குப் போக வேண்டாம். முதலில் பத்திகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைத் தேடுங்கள். மெல்லிய நெடுக்குக் கோடோ மேலிருந்து கீழ்வரை ஓடும் வெற்றிடமோ இருக்கும். ஸ்கேன் சாய்ந்திருந்தால் இந்த வெற்றிடம் அடைபட்டு, இடப்பத்தியின் வரி வலப்பத்தியின் வரிக்குள் ஓடுவதுபோல் தெரியும். நிமிர்த்திய பிறகு ஒவ்வொரு பத்தியையும் தனிப் படமாக வெட்டிவிடுங்கள்.

அடுத்து, எது எதற்கு அடுத்தது? இங்கேதான் தமிழே நமக்குக் கைகொடுக்கிறது. வல்லினம் மிகும் இடத்தில், முன்சொல்லின் கடைசி ஒற்று அடுத்த சொல்லின் முதல் எழுத்தைக் காட்டிக்கொடுக்கும். நம் முதல் கீற்று ‘ரயிலைப்’ என்று முடிகிறது. அந்த ‘ப்’, அடுத்த சொல் பகர வரிசையில் தொடங்க வேண்டும் என்கிறது. நடுக் கீற்றின் முதல் சொல் ‘கரையோரம்’. அதுதான் அடுத்தது என்றால் ‘ரயிலைக்’ என்று அச்சாகியிருக்கும். வலப்பக்கக் கீற்று ‘பற்றி’ என்று தொடங்குகிறது; பொருந்திவிட்டது. ஆல்பத்தில் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார்கள் என்பதற்காக அதுதான் வரிசை என்று நம்பக் கூடாது. ஒட்டியவர் இடத்துக்கு ஏற்றபடி ஒட்டியிருப்பார்.

ஒற்று இல்லாத இடங்களில் வாக்கியத்தின் நிலையைப் பார்க்கலாம். பத்தி ‘செய்து’, ‘வந்த’ போன்ற எச்சத்தில் முடிந்தால் அடுத்த பத்தி நடுவாக்கியத்தில் தொடங்க வேண்டும், ‘ராமேசுவரம், டிச.’ என்று ஊர்ப் பெயரோடு தொடங்கும் கீற்று அதற்கு அடுத்ததாக வர முடியாது. சொல் பாதியில் முறிந்து அடுத்த வரிக்குப் போவதும் சகஜம். ‘முடிய / வில்லை’, ‘முன் / தினம்’ என்று இணைப்புக் கோடுகூட இல்லாமல் முறிப்பார்கள். அதனால் பத்தியின் கடைசி வரியையும் அடுத்த பத்தியின் முதல் வரியையும் சேர்த்து ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். கண் தவறவிடும் முறிவைக் காது பிடித்துவிடும்.

எந்தக் கீற்றுமே பொருந்தவில்லை என்றால், இடையில் ஒரு துண்டு காணவில்லை என்று பொருள். கடைசி வரிக்குக் கீழே ‘6-ம் பக்கம் பார்க்க’ என்பது போல ஏதாவது மங்கலாக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மீதி வேறு பக்கத்தில் இருந்தது. அதை வெட்டியவர் எடுக்காமல் விட்டிருக்கிறார்.

பழைய எழுத்து

இப்போது எழுத்துக்கு வரலாம். 1978-இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை வெளியிட்டது. அதற்கு முந்தைய அச்சில் பதின்மூன்று எழுத்துகளுக்கு இன்று நாம் பார்க்காத வடிவம் இருக்கும்: ணா, றா, னா, இவற்றின் ஒகர ஓகார வடிவங்களான ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ, அப்புறம் ணை, லை, ளை, னை. பெரியார் 1935-லேயே ‘குடி அரசு’ இதழில் சீர்திருத்திய வடிவங்களைக் கொண்டுவந்துவிட்டார். ஆகவே வடிவத்தை மட்டும் வைத்து ஆண்டைச் சொல்லிவிட முடியாது. ஆனால் 1964-ஆம் ஆண்டு நாளிதழ் என்றால் பழைய வடிவத்தை எதிர்பார்த்தே படிக்க வேண்டும்.

ணா, றா, னா மூன்றிலும் கால் தனியே நிற்காது. எழுத்தின் வாலே கீழே இறங்கிச் சுழியும். பழகாத கண்ணுக்கு அது உகரம் போலத் தெரியும். ணை, லை, ளை, னை நான்கிலும் இரட்டைச் சுழிக்குப் பதில் யானைத் துதிக்கை போன்ற வளைவு எழுத்தோடு ஒட்டி மேலே எழும். மங்கிய அச்சில் அது ஏகாரக் கொம்பு போலத் தோன்றும்.

எழுத்துணரி மென்பொருளும் இதே இடங்களில்தான் தடுக்கும். படத்தைக் கூகுள் டிரைவில் ஏற்றி `Google Docs` கொண்டு திறந்தாலும், டெசராக்டில் `-l tam` கொடுத்து ஓட்டினாலும், ‘என்றான்’ என்பது ‘என்ருன்’ என்றும், ‘ஆனால்’ என்பது ‘ஆளுல்’ என்றும், ‘இல்லை’ என்பது ‘இல்லே’ என்றும், ‘என்னை’ என்பது ‘என்னே’ என்றும் வரக்கூடும். விஷயம் தெரிந்துவிட்டால் இது தொல்லையே இல்லை. ‘ருன்’ வந்தால் ‘றான்’, ‘ளுல்’ வந்தால் ‘னால்’ என்று மாற்றிப் படித்துக்கொள்ளலாம். ஒரு நிபந்தனை, பத்தி பத்தியாக வெட்டிய படத்தைத்தான் கொடுக்க வேண்டும். முழுத் துணுக்கையும் கொடுத்தால் பத்திகளுக்குக் குறுக்கே படித்து, புயலையும் படகையும் ஒரே வாக்கியத்தில் கலந்து தரும்.

நம் துணுக்கில் ‘இல்…’ என்பதன் அருகே துதிக்கை வளைவின் மேற்பகுதி மட்டும் மிஞ்சியிருந்தால் போதும், அது ‘இல்லை’. ‘கூறி…ர்’ என்பதில் வரிக்குக் கீழே ஒரு சுழி தெரிந்தால் ‘கூறினார்’. ‘அதிகாரி ஒருவர்’ என்ற எழுவாயும் அதையே கேட்கிறது. வடிவமும் இலக்கணமும் ஒரே பதிலைச் சொன்னால் அந்தச் சொல்லை உறுதி என்று எழுதிக்கொள்ளலாம். ஒன்று மட்டும் சொன்னால் பென்சிலில்தான்.

மற்ற மங்கல்களில் அடிக்கடி ஏமாற்றுபவை சில உண்டு. காலும் ‘ர’வும் ஒன்றுபோலவே அச்சாகும். ‘ஏ’யின் கால் தேய்ந்தால் ‘எ’. ஈகாரத்தின் சுழி அடைத்துக்கொண்டால் இகரம். சுழி எண்ணத் தெரியாத அளவுக்கு மை ஈஷியிருந்தால் ‘ன’வும் ‘ண’வும் ஒன்றே. இதற்கு ஒரு நல்ல வழக்கம், அதே துணுக்கில் தெளிவாக இருக்கும் இடங்களிலிருந்து இந்த எழுத்துகளை வெட்டி ஒரு வரிசையாக ஒட்டிவைத்துக்கொள்வது. சந்தேகம் வரும்போது மனதில் உள்ள ‘ண’வோடு ஒப்பிடாமல், அதே அச்சின் ‘ண’வோடு ஒப்பிட வேண்டும்.

மடிப்பு விழுங்கிய வினைமுற்று

தமிழ்ச் செய்தியில் மிக ஆபத்தான இடம் இதுதான். நம் மொழியில் வினை கடைசியில் வரும்; நடந்ததா, நடக்கவில்லையா என்பது அந்த வினையின் வாலில் இருக்கும். மடிப்போ கிழிசலோ அங்கே விழுந்தால், மொத்தச் செய்தியும் தலைகீழாகலாம். ‘மீட்கப்ப…’ என்பது ‘மீட்கப்பட்டனர்’ ஆகவும் இருக்கலாம், ‘மீட்கப்படவில்லை’ ஆகவும் இருக்கலாம்.

மிஞ்சிய கீறல்களைக் கேட்டுப் பாருங்கள். ‘ப்ப’வுக்கு அடுத்து வரும் ‘ட’வின் தலையில் புள்ளி இருந்தால் ‘பட்ட…’ என்றுதான் போகும். புள்ளி இல்லை, தலைப்பகுதி சுத்தமாக இருக்கிறது என்றால் ‘பட…’. அடுத்து மடிப்புக்கு மேலே ஏதாவது நீட்டிக்கொண்டிருக்கிறதா? ‘வி’யின் கொக்கியும் பழைய ‘லை’யின் துதிக்கையும் மேலே எழும், ‘டனர்’ என்பதில் புள்ளியைத் தவிர மேலே எதுவும் இல்லை. பிறகு அகலம். வரிகள் இரு ஓரமும் சமமாக இருக்கும்படி கோக்கப்பட்டிருப்பதால், வாக்கியம் அடுத்த வரிக்கும் ஓடும் இடங்களில் விடுபட்ட பகுதியின் அகலம் தெரியும். அதே அச்சில் தெளிவாக உள்ள ‘வில்லை’யை வெட்டி அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள், நம் துணுக்கிலேயே வலப்பக்கக் கீற்றின் நான்காவது வரியில் ஒன்று இருக்கிறது. வாக்கியம் பத்தியின் கடைசியில் முடிந்தால் இந்த அளவு உதவாது; மீதி வரி வெறுமையாக விடப்பட்டிருக்கும். சொற்களுக்கு இடையே இடம் விட்டு வரியை நிரப்புவார்கள் என்பதால் ஓரிரு எழுத்து முன்பின் ஆகும். எனவே அகலம் கடைசிச் சாட்சிதான்.

மூன்றும் முடிவு சொல்லவில்லை என்றால் ‘மீட்கப்ப[…]’ என்றே விட்டுவிடுங்கள். உணர்ச்சிக்கு ஏற்றபடி நிரப்பக் கூடாது. தன் அண்ணன் அந்த ரயிலில் போனதாகச் சொல்லி வளர்ந்த ஒருவருக்கு நீங்கள் படித்துச் சொல்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு ‘வில்லை’ சின்ன விஷயமல்ல.

எண்ணும் தேதியும்

‘…5 பேர்’ என்பதற்கு மேலே சொன்ன எந்த வழியும் செல்லாது. எண்ணுக்குப் புணர்ச்சி இல்லை, இலக்கணம் இல்லை. 3-உம் 8-உம், 1-உம் 7-உம் மங்கலில் ஒன்றாகிவிடும். தலைப்பிலோ வேறு பத்தியிலோ அதே எண் மறுபடி வந்தால் ஒப்பிடலாம். இணையத்தில் தேடி நிரப்புவது தவறு. அந்தப் பாம்பன்–தனுஷ்கோடி பாசஞ்சரில் 110 பயணிகளும் 5 ஊழியர்களும் இருந்ததாகப் பல இடங்களில் எழுதுகிறார்கள். அதைவிடக் கூடுதல் எண்ணிக்கை சொல்பவர்களும் இருக்கிறார்கள். கம்பி அறுந்து கிடந்த நாட்களில் வந்த செய்தியில் எந்த எண் அச்சானது என்பது வேறு கேள்வி. ‘[?]5’ என்று எழுதிவிட்டு நகருங்கள்.

தேதிக்கு மட்டும் கணக்கு உதவும். ‘டிச. 2…’ என்பதில் இரண்டாவது இலக்கம் போய்விட்டது. செய்தி ‘நேற்று முன்தினம் இரவு’ என்கிறது. புயல் இரவு 22-ஆம் தேதி இரவு. அப்படியானால் செய்தி அனுப்பிய நாள் 24. பத்திரிகையின் தேதி அதுவல்ல என்பதைக் கவனியுங்கள். ராமேசுவரத்திலிருந்து 24-ஆம் தேதி போன செய்தி பெரும்பாலும் மறுநாள் இதழில் வந்திருக்கும். பக்கத்தின் தலைப்பட்டை கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தால் கிழமையையும் தமிழ்த் தேதியையும் பாருங்கள். 1964 டிசம்பர் 25 வெள்ளிக்கிழமை. குரோதி வருடம், மார்கழி மாதம். மூன்றில் இரண்டு தெரிந்தாலே மூன்றாவதைப் பஞ்சாங்கத்தில் பிடித்துவிடலாம்.

எந்த நிகழ்ச்சி என்றே தெரியாத துணுக்குக்குத்தான் பின்பக்கம். விளம்பரத்தில் விலை அணாக் கணக்கில் இருந்தால் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முந்தையது. ‘நயா பைசா’ என்று இருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடைப்பட்டது. 1964 ஜூனில் ‘நயா’ போய் வெறும் பைசா ஆனது. மாநிலத்தின் அதிகாரப்பூர்வப் பெயர் ‘தமிழ்நாடு’ ஆனது 1969 ஜனவரி 14. ஆனால் பேச்சிலும் எழுத்திலும் அந்தப் பெயர் முன்பே புழங்கியதால், அதை மட்டும் நம்பிக் காலம் சொல்ல வேண்டாம். ஆகக் கைகொடுப்பது சினிமா விளம்பரம்தான். ‘இன்று முதல்’ என்று படத்தின் பெயர் இருந்தால் வெளியான தேதியைத் தேடிவிடலாம்.

ஆண்டும் மாதமும் கிடைத்துவிட்டால் அதே இதழின் நல்ல பிரதி எங்காவது இருக்கிறதா என்று பார்க்கலாம். சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், எழும்பூரில் கன்னிமாரா நூலகம் ஆகியவை முதலில் விசாரிக்க வேண்டிய இடங்கள். இலங்கைப் பத்திரிகை என்றால் நூலகம் வலைத்தளமான `noolaham.org`. போகும்போது உங்கள் படியெடுப்பில் ‘[…]’ என்று விட்ட இடங்களின் பட்டியலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். முழுப் பக்கத்தையும் மறுபடி படிக்க வேண்டியதில்லை, அந்த இடங்களை மட்டும் பார்த்தால் போதும்.

படித்து முடித்ததை அனுப்பியவருக்குத் திருப்பி அனுப்பும்போது, வரி முறிவுகளை அப்படியே வைத்துத் தட்டச்சு செய்து, சதுர அடைப்புகளோடும் சரிசெய்த படத்தோடும் சேர்த்து அனுப்புங்கள். “பெரியப்பா, அடைப்புக்குள்ள இருக்கிறது எனக்குத் தெரியலை, உங்களுக்கு ஞாபகம் இருந்தா சொல்லுங்க” என்று ஒரு வரியும் போடுங்கள். அவர் நினைவிலிருந்து ஏதாவது சொன்னால் அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள், அடைப்புக்குள் போடாதீர்கள்.